போர்டுக்கு விலை உண்டு, கண்ணாடிக்கு இல்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யூடியூபைத் திறந்தால் வரிசையாக நாட்டுக்கோழி வளர்ப்பு. கோழிக்குஞ்சுக்கு எத்தனை நாளில் எந்தத் தடுப்பூசி, கொட்டகைக்கு எந்தத் திசை நல்லது, முட்டைக்கோழியா கறிக்கோழியா என்று பத்துப் பன்னிரண்டு வீடியோக்கள். எனக்கும் கோழிக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு முடிந்துவிடும். பார்த்தவை பட்டியலைப் புரட்டினேன். முந்தைய நாள் இரவு பதினொன்றரை மணி வரை யாரோ என் கணக்கில் உட்கார்ந்து ஊன்றிப் படித்திருக்கிறார்.

கூகுள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதில் என் கைப்பேசி, மடிக்கணினி, அப்புறம் ஒரு டிவி. அந்த டிவியைத்தான் நான் ஆறு வாரத்துக்கு முன்பு பழைய சாமான்காரரிடம் போட்டிருந்தேன். பேரப்பிள்ளை எறிந்த பந்து பட்டு, நாற்பத்து மூன்று அங்குலத் திரை சிலந்தி வலையாகக் கீறி, பாதி கறுப்பும் பாதி கோடுமாக ஆகிவிட்டது. செத்த டிவி என்று நினைத்துத்தான் கொடுத்தேன். சென்னையில் செத்த அந்த டிவி, கூகுள் கணக்குப்படி, திருச்சிப் பக்கம் உயிரோடு இருந்தது.

இது எப்படி என்று கேட்க, எங்கள் பகுதியில் முப்பது வருடமாக டிவி பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் சிரித்தார். “சார், ஸ்கிரீன் போனா டிவி போச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க. எங்களுக்கு ஸ்கிரீனைத் தவிர மத்ததெல்லாம் வேணும்” என்றார். பிறகு மேசைமேல் கழற்றி வைத்திருந்த ஒரு டிவியைக் காட்டிப் பாடம் எடுத்தார்.

எல்.இ.டி. டிவியின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். கரண்ட்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டு. மூளை மாதிரி மெயின் போர்டு. திரைக்குப் படத்தைப் பங்கிட்டு அனுப்பும் டி-கான் என்ற சிறு போர்டு. திரைக்குப் பின்னால் வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பட்டைகள். இரண்டு ஸ்பீக்கர். மீதி எல்லாம் பேனல், அதாவது திரை. பேனல் உடைந்தால் மாற்றும் செலவு புது டிவியின் விலையை நெருங்கிவிடும் என்பதால் யாரும் மாற்றுவதில்லை. ஆனால் அதே மாடல் டிவி வேறு யாரிடமோ பேனல் நன்றாக இருந்து, மின்னழுத்தம் ஏறி மெயின் போர்டு போயிருக்கும். அவருக்கு என் டிவியின் போர்டு தேவை. கம்பெனியில் கேட்டால் அந்த மாடலுக்குப் போர்டு வருவது நின்றுவிட்டது என்பார்கள். ரிச்சி தெருவில் கேட்டால் கழற்றிய போர்டு கிடைக்கும். பழைய சாமான்காரர் எனக்குக் கொடுத்த அறுநூறு ரூபாய் பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் எடை போட்ட கணக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எடைக்கு என்றால் அதில் பாதிகூட வந்திருக்காது.

மெயின் போர்டின் நடுவில் சூடு தணிக்கும் அலுமினியத் தகடுக்குக் கீழே இருப்பது பிராசசர். அதன் பக்கத்தில் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புச் சில்லு. மெக்கானிக்குகள் இதை ‘இ.எம்.எம்.சி. ஐ.சி.’ என்கிறார்கள். டிவியின் மென்பொருளும், நாம் இறக்கிய செயலிகளும், உள்ளே நுழைந்து வைத்த கணக்குகளும், வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும் இருப்பது இதில்தான். கரண்ட் இல்லாவிட்டாலும் இதில் எழுதியது அழியாது. பேனலை உடைத்தால் இதற்கு ஒன்றும் ஆகாது. கோழி வளர்க்க ஆசைப்பட்ட அந்த மனிதர் திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. தன் டிவியைப் பழுது பார்க்கக் கொடுத்தார், அது திரும்பி வந்தபோது யூடியூப் ஏற்கெனவே திறந்தே இருந்தது, அவ்வளவுதான்.

இதில் பயப்பட எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிவிக்குள் நம் வங்கிக் கணக்கு இருப்பதில்லை, யு.பி.ஐ. எண்ணும் இருப்பதில்லை. கூகுள் கணக்கு உள்ளே இருக்கும் டிவியில், அட்டை சேமித்து வைத்து, வாங்கும்போது பின் எண்ணும் கேட்காதபடி விட்டிருந்தால், யாராவது படம் வாடகைக்கு எடுக்கலாம், நம் தலையில் கட்டணம் விழும். வைஃபை கடவுச்சொல் திருச்சியில் இருந்து என்ன பயன்? ஒன்றுமில்லை. அதே டிவி அடுத்த தெருவுக்குப் போனால் பயன் உண்டு. என்னைச் சங்கடப்படுத்தியது வேறு. என் தேடல்கள், என் மனைவிக்கு மூட்டுவலி என்று நான் பார்த்த மருத்துவ வீடியோக்கள், கூகுள் போட்டோஸில் இருந்து திரைக்காப்பாக ஓடிக்கொண்டிருந்த குடும்பப் படங்கள் எல்லாம் ஒரு அந்நியர் வீட்டுக் கூடத்தில் வந்து போயிருக்கின்றன. பேத்தியின் காதணி விழாவை அவர்கள் குடும்பமாக உட்கார்ந்து பார்த்திருக்கவும் கூடும்.

திரை வேலை செய்யும்போதே டிவியை விற்பவருக்கு வேலை சுலபம். கூகுள் டிவி என்றால் Settings, System, About, Reset என்று போய் Factory reset. சாம்சங் என்றால் Settings, General & Privacy, Reset என்று போகவேண்டும். பின் எண் கேட்கும், மாற்றாமல் விட்டிருந்தால் அது 0000. எல்.ஜி.யின் புதிய டிவிகளில் Settings, General, System வழியாக Reset to Initial Settings. பழைய மாடல்களில் பாதை கொஞ்சம் மாறும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. படம் பற்றிய பக்கத்திலும் ‘ரீசெட்’ என்று ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் வெளிச்சமும் நிறமும்தான் பழைய நிலைக்குப் போகும், கணக்குகள் அப்படியே இருக்கும். அழிந்ததற்கு அடையாளம் ஒன்றே. டிவி அணைந்து மறுபடி எழுந்து, கடையில் இருந்து வந்த முதல் நாளைப்போல எந்த மொழி வேண்டும் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வாங்குபவருக்குக் காட்ட மறுபடியும் நம் கணக்கைப் போட்டு உள்ளே போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். காட்டுவதற்கு ஒரு பென் டிரைவ் போதும். அதைத் திரும்ப எடுக்க மறக்காமல் இருக்க வேண்டும். டிவியின் பின்னால் செருகி மறந்த பென் டிரைவ்களே ஒரு டப்பா நிறைய மெக்கானிக்கிடம் இருக்கின்றன.

இப்படி அழித்தால் மிச்சமே இருக்காதா? ஆண்ட்ராய்டின் பத்தாம் பதிப்போடு புதிதாக வந்த கருவிகள் எல்லாவற்றிலும், டிவி உட்பட, பயனாளரின் தரவைச் சங்கேதமாக மாற்றியே எழுத வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. அவற்றில் ரீசெட் செய்யும்போது சங்கேதத்தின் சாவி தொலைக்கப்படுகிறது. மிஞ்சிய எழுத்து யாருக்கும் புரியாது. அதற்கு முந்தைய டிவிகளில் சில்லைப் பிடுங்கி உரிய கருவியில் வைத்துப் படித்தால் துண்டு துணுக்குகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. சாதாரணக் குடும்பத்து டிவிக்காக அவ்வளவு மெனக்கெட யாரும் வரமாட்டார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தின் சந்திப்பு அறையில் மாட்டியிருந்த டிவி என்றால் நான் யோசிப்பேன்.

என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான டிவிகள் வீட்டைவிட்டுப் போவது திரை உடைந்தோ, எழும்பாமலோதான். மெனுவே தெரியாத டிவியில் எங்கே போய் ரீசெட்டை அமுக்குவது? இதற்கு மூன்று வழி. ஒன்று, டிவியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் இருந்து கதவைச் சாத்துவது. கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், கருவிகள் பட்டியலில் அந்த டிவியைத் தேர்ந்து வெளியேற்ற வேண்டும். கூகுளின் மென்பொருள் இல்லாத டிவியில் ஒரு குறியீட்டைக் கைப்பேசியில் தட்டி யூடியூபுக்குள் போயிருப்போம். அது கருவிகள் பட்டியலில் வராமல் போகலாம். கணக்கோடு இணைந்த பிற செயலிகள் என்ற பகுதியில் YouTube on TV என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும், அங்கே நீக்க வேண்டும். நெட்பிளிக்ஸில் Manage Access and Devices, அமேசான் பிரைமில் பதிவான கருவிகளின் பட்டியல். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. கால் மணி நேர வேலை. திருச்சியில் இருந்த டிவியை நான் இப்படித்தான் வெளியேற்றினேன். அந்த இரவு அவர் பாதி வீடியோவில் நின்றிருப்பார், கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. வைஃபை கடவுச்சொல்லை மட்டும் இப்படி எட்டி அழிக்க முடியாது, வீட்டு ரௌட்டரில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, மெயின் போர்டை நாமே வைத்துக்கொள்வது. மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் கழற்றிக் கொடுப்பார். போர்டு இல்லாத டிவிக்கு எடை விலைதான் கிடைக்கும், எனக்கு முந்நூறு நானூறு நட்டமாகியிருக்கும். எனக்கு மூன்றாவது ஒன்றுதான் பிடித்திருக்கிறது. மெக்கானிக்கிடம் அதே இணைப்பு உள்ள சோதனைப் பேனல் இருந்தால், அதில் மாட்டி ரீசெட் செய்து கொடுக்கச் சொல்வது. போர்டும் இன்னொரு டிவிக்குப் போய் நாலு வருடம் உழைக்கும், நம் வீட்டுக் கதையும் வெளியே போகாது. இந்த வேலையை, எக்ஸ்சேஞ்சில் பழைய டிவி எடுக்கும் கடைகள் தாமாகச் செய்திருக்க வேண்டும். நான் புது டிவி வாங்கிய கடையில் பழைய டிவிக்கு என்ன விலை என்று கேட்டேன். வேலை செய்கிறதா, எத்தனை அங்குலம் என்ற இரண்டே கேள்வி. கணக்குகளை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை.

விலை இருக்கும் போர்டில் நம் தரவு இருக்கிறது. விலையே இல்லாத பொருளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல, என் அம்மா வீட்டுப் பரணுக்குப் போக வேண்டும்.

அங்கே ஒரு பதினான்கு அங்குலக் கலர் டிவி இருக்கிறது. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் இப்படிக் கொடுக்கப்பட்டன. ஸ்மார்ட் எதுவும் இல்லாததால் அதில் அழிக்க வேண்டிய தரவு ஒன்றும் இல்லை. அதில் இருப்பது ஈயம்.

பிக்சர் டியூபின் கழுத்தில் இருந்து எலெக்ட்ரான்கள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் முடுக்கப்பட்டு முன் கண்ணாடியில் வந்து மோதும். அந்த மோதலில் கொஞ்சம் எக்ஸ்ரே பிறக்கும். அது வீட்டுக்காரர் மேல் படாமல் இருக்க, டியூபின் பின்பக்கக் கூம்பு ஈயம் கலந்த கண்ணாடியில் செய்யப்பட்டது. கூம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. முன்பக்கத்தில் ஈயம் போட்டால் நாளடைவில் பழுப்பேறும் என்பதால் அங்கே பேரியமும் ஸ்ட்ரான்டியமும். சிறிய டியூபில் கூம்பு இரண்டு கிலோ தேறும் என்று வைத்தால், ஒரு டிவியில் சுமார் நானூறு கிராம் ஈயம். ஒன்றரைக் கோடியால் பெருக்கினால் ஆறாயிரம் டன். இது நான் காகிதத்தில் போட்ட தோராயக் கணக்கு. அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் மூவாயிரம் டன் ஈயம் ரேஷன் அட்டை வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

டியூப் முழுதாக இருக்கும்வரை இதில் ஆபத்து இல்லை. ஈயம் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கிறது. பரணில் இருக்கும் டிவியைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். உடைத்துக் குப்பை மேட்டில் கொட்டிய பிறகுதான் கதை மாறுகிறது. அழுகும் குப்பையின் புளித்த நீர் கண்ணாடித் தூளில் ஊறி ஈயத்தைக் கரைக்கிறது. ஏன் உடைக்கிறார்கள்? டியூபின் கழுத்தைச் சுற்றி ‘யோக்’ என்ற செப்புச் சுருள் இருக்கிறது. திரையின் ஓரத்தைச் சுற்றி ‘டீகாஸ்’ சுருள். ‘எல்.ஓ.டி.’ என்கிற டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளும் கம்பி. இந்தச் செம்புக்காகச் சுத்தியலால் கழுத்தில் ஒரு தட்டு. உள்ளே வெற்றிடம் என்பதால் காற்று உள்ளே பாய்ந்து, முன்கண்ணாடியின் உட்புறம் பூசிய ஒளிர்பொடி கிளம்பும். செம்பு போய்விடும். கண்ணாடி ஆற்றோரத்தில் நிற்கும். இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் வீட்டில் டிவியைத் திறந்துவிடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குக் கீழே உயர்மின்னழுத்தம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி எறியும்.

முன்பெல்லாம் இந்தக் கண்ணாடிக்கு ஒரு வேலை இருந்தது. பழைய டியூபை உடைத்துப் புதுடியூப் செய்தார்கள். அமெரிக்காவில் உடைத்த கண்ணாடிகூட கப்பலேறி குஜராத்தின் பரூச்சில் இருந்த வீடியோகான் ஆலைக்கு வந்தது. டியூப் டிவி செய்வதே நின்றபின் அந்த வழி அடைபட்டது. இன்று இந்தக் கண்ணாடி போகக்கூடிய இடங்கள் இரண்டுதான். ஈயம் உருக்கும் ஆலை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற அபாயக் கழிவுப் புதைகளத்தில் கட்டணம் கட்டிப் புதைக்கப்பட வேண்டும். எந்த வழியாகப் போனாலும் இதில் யாருக்கும் வருமானம் இல்லை. யாராவது செலவு செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது. இந்தியாவின் முதல் மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. இலவச டிவித் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து. இப்போது இருப்பவை 2022-இல் வெளியாகி 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிகள். இவற்றின்படி டிவி தயாரிப்பவர், தான் விற்ற அளவில் ஒரு பங்கு மறுசுழற்சி ஆனதாகக் கணக்குக் காட்ட வேண்டும். 2025-26-க்கு இந்தப் பங்கு எழுபது விழுக்காடு. அவரே டிவியைச் சேகரிக்க வேண்டியதில்லை, பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். அந்தச் சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது? மீட்டெடுத்த தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கின் எடைக்கு. மிஞ்சியதை முறையாக அப்புறப்படுத்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காசு உலோகத்தைப் பின்தொடர்கிறது. ஈயக் கண்ணாடியை ஒழுங்காகப் புதைத்த ஆலைக்கும், இருட்டில் கொட்டிய ஆலைக்கும் கிடைக்கும் சான்றிதழ் ஒன்றுதான். சுத்தியல் எடுத்துச் செம்பைப் பிரிப்பவரும் சட்டமும் ஒரே பொருளைத்தான் பார்க்கிறார்கள்.

மறுசுழற்சிக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு ஒரு தரைவிலை வைத்தது. அதை எதிர்த்துப் பெரிய டிவி நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. விலை கூடுதல் என்பது அவர்கள் வாதம். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், இருபத்திரண்டு ரூபாயில் எத்தனை ரூபாய் கண்ணாடிக்கு என்று தனியாக எழுதாதவரை என் அம்மா வீட்டுப் பரணுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

ஒன்றரைக் கோடி டிவிகளை வாங்கியது மாநில அரசு. தயாரித்த நிறுவனங்களில் சில இன்று இல்லை. குடும்ப அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டது போலவே குடும்ப அட்டையைக் காட்டித் திருப்பிக் கொடுக்க வட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால், யோக்கோடும் டீகாஸோடும் முழுதாக வந்து சேரும். முழுதாக வரும் டிவியின் செம்பில் இருந்து போக்குவரத்துச் செலவில் ஒரு பகுதியை எடுக்கலாம். செம்பை முன்பே கழற்றிவிட்ட டியூபை எடுக்க எந்த ஆலையும் முன்வராது என்பதால் இதில் ‘முழுதாக’ என்ற சொல்தான் முக்கியம்.

அதுவரை தனியாள் என்ன செய்ய முடியும் என்று நானும் முயன்று பார்த்தேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் இருந்து பதிவுபெற்ற ஆலை ஒன்றை அழைத்தேன். சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை, அதனால் பெயரைப் பட்டியலில் தேடுவது நல்லது. பேசியவரிடம், “டியூப் கண்ணாடியை எங்கே அனுப்புவீங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “களத்துக்கு அனுப்புறோம், அதுக்கு நாங்க காசு கட்டணும் சார், அதனால டியூப் டிவிக்கு உங்களுக்குப் பைசா தரமுடியாது, ஒண்ணு ரெண்டுக்கு வண்டியும் அனுப்பமுடியாது” என்றார். இந்தப் பதிலைத்தான் நான் நம்பினேன். டியூப் டிவிக்குத் தாராளமாக விலை சொல்பவர் செம்பை மட்டும் கணக்குப் போடுகிறார். தெருவில் ஏழெட்டு வீட்டு டிவிகளைச் சேர்த்தால் வண்டி வரும் என்று பேசி வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று சேர்ந்திருக்கிறது.

போன வாரம் அம்மா வீட்டு வாசலில் பழைய சாமான்காரர் வந்து நின்றார். பரணில் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இப்ப யாரும்மா எடுக்கிறா, வெயிட்டுதான் மிச்சம்” என்று அம்மாவிடம் சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவர் திரும்பி வந்தார். “டிவி உங்ககிட்டயே இருக்கட்டும். பின்னாடி அந்தக் காயிலை மட்டும் கழட்டிக்கட்டுமா? நூறு ரூபா தர்றேன்.”